109 ஜி.பி. மிச்சம் என்று எழுதும் முன்

அலுவலகத்தின் பொதுக் கணினியில் இடம் தீர்ந்துபோனால் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். புதிய வட்டு வாங்கக் கோப்பு எழும். அல்லது பிரிவில் கணினி பழகிய உதவியாளர் ஒருவர், ஸ்கேன் செய்து வைத்த பழைய ஆவணங்களைச் சுருக்கிச் சிறிதாக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதித் தன் மேசையில் ஓட்டிப் பார்ப்பார். அது நன்றாக ஓடினால் அடுத்த மேசைக்காரரும் கேட்பார். அங்கேதான் ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. தன் கோப்பைத் தான் சுருக்குவது வேறு. எல்லாப் பிரிவுகளின் பதிவுகளையும் ஒரே ஸ்கிரிப்ட் தொடுவது வேறு. பின்னதற்குத் துறைத் தலைவரின் ஆணை வேண்டும்.

அந்தக் குறிப்பு ஒன்றரைப் பக்கம் இருந்தால் போதும். படிப்பவர் கண் முதலில் போய் நிற்பது "எவ்வளவு இடம் மிச்சமாகும்?" என்ற எண்ணில். பெரும்பாலான குறிப்புகளில் அந்த எண் ஊகமாகவே இருக்கிறது. ஒரு கோப்பைச் சுருக்கிப் பார்த்து, அது 90 விழுக்காடு சிறுத்துவிட்டது என்று கண்டு, மொத்தமும் 90 விழுக்காடு சிறுக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. சரியான எண்ணை எப்படிப் பெறுவது என்பதை விளங்கிக்கொள்ள, ஸ்கேன் செய்த ஒரு பக்கம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்கேனர் எழுத்துகளைப் படிப்பதில்லை. தாளைப் புள்ளிகளாகப் பிரித்து ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறித்துக்கொள்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஓர் ஏ4 தாள் அகலத்தில் 2,480 புள்ளிகளாகவும் உயரத்தில் 3,508 புள்ளிகளாகவும் ஆகும். மொத்தம் ஏறத்தாழ 87 லட்சம். வண்ணத்தில் பதிந்தால் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வேண்டும். ஒரே பக்கம் 26 எம்.பி. ஆகிவிடும். சாம்பல் நிறத்தில் பதிந்தால் புள்ளிக்கு ஒரு பைட், அதாவது 8.7 எம்.பி. வெறும் கறுப்பு, வெள்ளை என்றால் எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு பைட் போதும், 1.1 எம்.பி.தான். இவை எல்லாம் சுருக்குவதற்கு முந்தைய அளவுகள். ஸ்கேனர் தானே ஜேபெக் முறையில் சுருக்கித்தான் பி.டி.எஃப். கோப்பாகத் தருகிறது. அதனால் வண்ணப் பக்கம் ஒன்று நம் கைக்கு வரும்போது சுமார் ஒரு எம்.பி.யாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் அச்சான ஒரு சுற்றறிக்கையும் வண்ணப் பக்கமாகவே பதிவாகிறது என்பது. ஸ்கேனர் "வண்ணம், 300" என்ற நிலையில் கிடக்கும், யாரும் மாற்றுவதில்லை. தாளின் பழுப்பு, பின்பக்க எழுத்தின் நிழல், மடிப்புக் கோடு எல்லாவற்றையும் அது நிறமாகக் குறித்துக்கொள்கிறது. அந்தச் சுற்றறிக்கையைக் கறுப்பு வெள்ளையாக்கி, தொலைநகல் காலத்திலிருந்து இருக்கும் குரூப் 4 என்ற முறையில் சுருக்கினால் ஏறத்தாழ 50, 60 கே.பி.க்குள் அடங்கிவிடும். ஒரு வரியில் வெள்ளை எங்கே முடிகிறது, கறுப்பு எங்கே தொடங்குகிறது, மேல் வரியிலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை மட்டும் குரூப் 4 எழுதிவைக்கிறது. வரிவரியாக எழுத்தோடும் பக்கத்துக்கு அதுவே போதும். கறுப்பு வெள்ளை ஆக்கிய பின் இந்த முறை ஒரு புள்ளியையும் இழப்பதில்லை. இழப்பு எல்லாம் அதற்கு முந்தைய படியில், எந்தச் சாம்பலைக் கறுப்பு என்று கொள்வது, எதை வெள்ளை என்று தள்ளுவது என்று முடிவு செய்யும் இடத்தில் நடக்கிறது.

பலரும் முதலில் முயல்வது பி.டி.எஃப். கோப்புகளை ஜிப் செய்வது. அதில் பயன் இல்லை. உள்ளே இருக்கும் படங்கள் ஏற்கெனவே ஜேபெக்கில் சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிவது போலத்தான். இடம் மிச்சமாக வேண்டுமானால் கோப்பைத் திறந்து, படத்தின் புள்ளி அளவையோ நிறத்தையோ குறைத்து, மறுபடி எழுத வேண்டும். அதாவது எதையோ இழக்க வேண்டும். எதை இழக்கச் சம்மதிக்கிறீர்கள் என்பதுதான் துறைத் தலைவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. மிச்சமாகும் இடம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

கணக்குக்காக ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். பொதுக் கணினியில் 1,20,000 ஸ்கேன் பக்கங்கள் இருக்கின்றன. குறிப்பு எழுதுபவர் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். வெவ்வேறு ஆண்டுகளிலிருந்தும் வெவ்வேறு பிரிவுகளிலிருந்தும் முன்கூட்டித் தேர்ந்தெடுக்காமல் 300 பக்கங்களை எடுத்தால் போதும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும். தட்டச்சிலோ அச்சிலோ கறுப்பு எழுத்து மட்டும் உள்ளவை முதல் வகை. முத்திரை, பச்சை மையில் கையொப்பம், வண்ணத் தலைப்பு உள்ளவை இரண்டாம் வகை. நிலப்படம், புகைப்படம், மங்கிய கார்பன் நகல், பென்சில் குறிப்பு உள்ளவை மூன்றாம் வகை. இந்தப் பிரிப்பைக் கண்ணால்தான் செய்ய வேண்டும். அரை நாள் வேலை.

நம் அலுவலகத்தில் இந்த மூன்றும் 60, 30, 10 விழுக்காடாக வந்தன என்று கொள்வோம். முதல் வகையில் 72,000 பக்கங்கள், சராசரி 1.1 எம்.பி. இரண்டாம் வகையில் 36,000 பக்கங்கள், சராசரி 1.3 எம்.பி. மூன்றாம் வகையில் 12,000 பக்கங்கள், சராசரி 1.8 எம்.பி. கூட்டினால் இன்று பிடித்திருக்கும் இடம் ஏறத்தாழ 148 ஜி.பி.

இப்போது மாதிரிப் பக்கங்களை மட்டும் சுருக்கி அளக்க வேண்டும். முதல் வகை குரூப் 4-இல் சராசரி 0.06 எம்.பி. ஆனது, 72,000 பக்கங்களும் நாலரை ஜி.பி.க்குள் வந்துவிடும். இரண்டாம் வகையில் வண்ணத்தை விடக் கூடாது. 300 புள்ளிகளை 200 ஆக்கி, ஜேபெக்கின் தரத்தையும் சற்றுத் தளர்த்தியதில் சராசரி 0.35 எம்.பி. ஆனது. 36,000 பக்கங்களுக்கு 12.6 ஜி.பி. மூன்றாம் வகையைத் தொடவே இல்லை, அதன் 21.6 ஜி.பி. அப்படியே நிற்கும். மொத்தம் 38.5 ஜி.பி. மிச்சம் 109 ஜி.பி.; விழுக்காட்டில் 74.

இந்த 74 நம்பத்தக்கது. ஒரே ஒரு சுற்றறிக்கையைச் சுருக்கிப் பார்த்திருந்தால் 95 என்று வந்திருக்கும். எஞ்சியிருக்கும் 38.5-இல் பாதிக்கு மேல், பக்க எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கே உள்ள மூன்றாம் வகையிலிருந்து வருகிறது என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். நில அளவைப் படங்கள் நிறைந்த பிரிவு ஒன்று, "எங்களுக்கு ஏன் இடம் மிச்சமாகவில்லை?" என்று பின்னால் கேட்கும்போது அதற்கான விடை அங்கே இருக்கும்.

எண்ணை எழுதியவர் அதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். முதலாவது, மூலக் கோப்புகளை உடனே அழிக்க முடியாது. சரிபார்ப்பு முடியும் வரை இரண்டும் இருக்கும். ஆகவே 148 ஜி.பி. முதலில் 187 ஜி.பி. ஆகும், அதன் பிறகே 39-க்கு இறங்கும். வட்டு நிறைந்துவிட்டது என்பதற்காகத் தொடங்கிய வேலைக்கு முதல் சில மாதங்கள் கூடுதல் இடம் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டு, பாதி வழியில் வட்டு நின்றுபோனால், அவசரத்தில் யாரோ மூலக் கோப்புகளை அழித்துவிடுவார்கள்.

இரண்டாவது, 109 ஜி.பி. என்பது பணமாகப் பார்த்தால் பெரிதல்ல. சில ஆயிரம் ரூபாய் வட்டு ஒன்றில் அதைப் போல ஒன்பது மடங்கு அடங்கும். நிதிப் பிரிவு இதைக் கேட்கும், கேட்பது நியாயமும்கூட. உண்மையான ஆதாயம் நேரத்தில் இருக்கிறது. வெளியிடத்தில் ஒரு காப்பு நகல் வைக்க, நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் 148 ஜி.பி. ஏற்றினால் இடையறாத 16 மணி நேரம் ஆகும். 38.5 ஜி.பி.க்கு நான்கே கால் மணி நேரம். மாலை அலுவலகம் மூடிய பின் தொடங்கினால் அன்றிரவே முடிந்துவிடும். முதல் வகைப் பக்கங்கள் அறுபது கொண்ட கோப்பு இப்போது 66 எம்.பி. இருக்கும், 25 எம்.பி.க்கு மேல் இணைக்க விடாத மின்னஞ்சலில் அது போகாது. சுருக்கியது 4 எம்.பி.கூட இருக்காது. குறிப்பில் பணத்தைவிட இந்த இரண்டையும் முன்னால் வைக்கலாம்.

இனி, என்ன கெட்டுப்போகலாம் என்ற பகுதி. இதில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் சுருக்கத்தில் வரும் பிழை மங்கலாக வந்தால் கண்ணில் படும். தெளிவாக வந்தால் படாது.

2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசெல் ஒரு கட்டட வரைபடத்தின் நகலைப் பார்க்க நேர்ந்தது. மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று தனித்தனியே இருந்தது. ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்த நகலில் மூன்று அறைகளிலும் 14.13 என்றே இருந்தது. எழுத்து மங்கவில்லை, கலங்கவில்லை. தெளிவான, தவறான எண். காரணம், அந்த இயந்திரம் பயன்படுத்திய ஜேபிக்-2 என்ற சுருக்க முறை. பக்கத்தில் ஒன்று போலத் தெரியும் சிறு உருவங்களை அது ஒரே உருவமாகச் சேமித்து, எல்லா இடத்திலும் அதையே ஒட்டுகிறது. போதிய அளவு ஒத்திருக்கின்றன என்று அது எண்ணிவிட்டால் 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். அவர் இதை வெளியிட்ட பிறகு நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. ஜேபிக்-2-இலும் இழப்பில்லாத வகை உண்டு. ஆபத்து ஒப்பிட்டு மாற்றும் வகையில்தான். ஆனால் கோப்பைப் பார்த்து எந்த வகை பயன்பட்டது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லிவிட முடியாது. அதனால் பொது ஸ்கிரிப்டில் அந்த முறையையே சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. குரூப் 4-க்குச் சற்று அதிக இடம் பிடித்தாலும் அது ஓர் எண்ணை இன்னோர் எண்ணாக மாற்றாது.

தமிழ் ஆவணங்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மெய்யெழுத்தின் புள்ளி. சாதாரண அச்சளவில் அதன் அகலம் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் என்று கொண்டால், 300 டி.பி.ஐ.யில் அது ஐந்து புள்ளி அகலம் கிடைக்கும், 200-இல் மூன்று, 72-இல் ஒன்றே ஒன்று. இணையத்தில் எங்கும் சுற்றும் "பி.டி.எஃப். சுருக்கும் கட்டளை" பல இடங்களில் இந்த 72-ஐத்தான் பயன்படுத்துகிறது. சுருக்கம் வியப்பூட்டும். பிறகு பெயர்ப் பட்டியலைப் படிக்கும்போது எது மெய், எது உயிர்மெய் என்று தடுமாற வேண்டியிருக்கும். எ, ஏ இடையிலும் ஒ, ஓ இடையிலும் உள்ள சிறு வேறுபாடும் இப்படியே அழியும். கறுப்பு வெள்ளை ஆக்கும்போது மங்கிய மையில் உள்ள புள்ளி வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும். பென்சிலில் அலுவலர் ஓரத்தில் எழுதிய கணக்கும் அப்படித்தான் போகும். மூன்றாம் வகையைத் தொடக்கூடாது என்று சொன்னதற்குக் காரணம் இதுவே.

இந்த ஆபத்துகளை மனதில் வைத்து ஸ்கிரிப்ட் எழுதினால், சுருக்கும் வரி அதில் ஒரு சிறு பகுதியாகத்தான் இருக்கும். இரண்டாம் வகைக்குக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் அது இப்படி அமையும்:

```
gs -sDEVICE=pdfwrite -dPDFSETTINGS=/ebook \
   -dColorImageResolution=200 -dGrayImageResolution=200 \
   -dColorImageDownsampleThreshold=1.0 \
   -dGrayImageDownsampleThreshold=1.0 \
   -o new.pdf old.pdf
```

இதில் `Threshold` என்று வரும் இரண்டையும் விட்டுவிடக் கூடாது. அவற்றின் இயல்பு மதிப்பு 1.5. இருக்கும் புள்ளி அளவு, கேட்ட அளவைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் மென்பொருள் குறைக்கும். 300 என்பது 200-இன் சரியாக ஒன்றரை மடங்கு. தாண்டவில்லை என்று படத்தை அப்படியே விட்டுவிடக்கூடும். ஸ்கிரிப்ட் ஓடிற்று, கோப்பு சிறுக்கவில்லை என்று பலர் குழம்பும் இடம் இது.

மற்ற வரிகள் எல்லாம் காவலுக்கு. ஸ்கிரிப்ட் மூலக் கோப்பின் மேல் ஒருபோதும் எழுதக் கூடாது. சுருக்கியதைத் தனி அடைவில் வைக்க வேண்டும். முன்னும் பின்னும் பக்க எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் அந்தக் கோப்பை ஐயத்துக்குரியது என்று ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கியது மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது சிறுக்கவில்லை என்றால் மூலத்தையே வைத்துக்கொள்ள வேண்டும். சில கோப்புகள் சுருக்கிய பின் பெருத்தும் விடும். ஒருமுறை சுருக்கியதை அடுத்த மாதம் மறுபடி சுருக்கக் கூடாது. ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை திரும்ப எழுதும்போதும் கொஞ்சம் கெடும். ஆகவே முடிந்தவற்றின் பட்டியலை ஸ்கிரிப்டே வைத்திருக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பம் இட்ட பி.டி.எஃப். கோப்பை அறவே தவிர்க்க வேண்டும். அதை எந்த வகையில் திருப்பி எழுதினாலும் கையொப்பம் செல்லாததாகிவிடும். `pdfsig` என்ற சிறு கருவி கையொப்பம் இருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

பிறகு பதிவேடு. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், பக்கம், முந்தைய அளவு, பிந்தைய அளவு, நாள், மூலத்தின் ஹேஷ் மதிப்பு. ஹேஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் எழுத்துத் தொடர். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும். காப்பு வட்டிலிருந்து எடுக்கும் மூலம் உண்மையில் அதே மூலம்தானா என்று பத்து ஆண்டு கழித்தும் இதைக் கொண்டு சோதிக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 7ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை உருவான வடிவிலோ, முதலில் இருந்த தகவலைத் துல்லியமாகக் காட்டுவதாக மெய்ப்பிக்கத்தக்க வடிவிலோ வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த மெய்ப்பிப்புக்கு இந்தப் பதிவேடு கைகொடுக்கும்.

கடைசிச் சோதனை மனிதக் கண்ணுக்கு. சுருக்கியவற்றில் 200 பக்கத்துக்கு ஒன்று எடுத்து, மூலத்தை அருகில் திறந்துவைத்து, இரு மடங்கு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது என்று முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது: எண்கள், மெய்யெழுத்துப் புள்ளிகள், முத்திரையின் விளிம்பில் உள்ள எழுத்து, ஓரக் குறிப்பு. ஒரு வகையில் ஒரே ஒரு எண் படிக்க முடியாமல் போனாலும் அந்த வகை முழுவதற்கும் அளவை உயர்த்தி மறுபடி ஓட்ட வேண்டும்.

ஏன் பொது ஸ்கிரிப்ட், அவரவர் செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். அவரவர் செய்துகொள்ளும்போது நடப்பது இதுதான்: இலவசமாகச் சுருக்கித் தரும் இணையதளம் ஒன்றைத் திறந்து, பணிப்பதிவேட்டின் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஆதார் நகலையும் அங்கே ஏற்றிவிடுகிறார்கள். அந்த நகல் எந்த நாட்டுக் கணினியில் எவ்வளவு காலம் கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. அலுவலக வலையத்துக்குள் ஒரே கணினியில், ஒரே அளவுகளில், ஒரே பதிவேட்டோடு ஓடும் ஸ்கிரிப்ட் இந்தப் பழக்கத்துக்கு வேலை இல்லாமல் செய்யும். என்னைக் கேட்டால், 109 ஜி.பி.யைவிட இதுவே வலுவான காரணம்.

இவ்வளவையும் அலுவலக நடையில் சுருக்கினால் குறிப்பு ஏறத்தாழ இப்படி அமையும்:

"பொருள்: ஸ்கேன் செய்யப்பட்ட பதிவுகள் – அளவைக் குறைத்தல் – பொது ஸ்கிரிப்ட் பயன்படுத்த – ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

பொதுக் கணினியில் உள்ள 1,20,000 பக்கங்கள் 148 ஜி.பி. இடம் கொண்டுள்ளன. 300 மாதிரிப் பக்கங்களைச் சோதித்ததில், கறுப்பு எழுத்துப் பக்கங்களையும் முத்திரை, கையொப்பம் உள்ள பக்கங்களையும் மட்டும் சுருக்கினால் மொத்த அளவு சுமார் 39 ஜி.பி. ஆகும் எனத் தெரிகிறது. படங்கள், மங்கிய நகல்கள், டிஜிட்டல் கையொப்பம் உள்ள கோப்புகள் ஆகியவை சுருக்கப்படமாட்டா. சரிபார்ப்புக் காலத்தில் 187 ஜி.பி. இடம் தேவைப்படும். மூலக் கோப்புகள் ஆறு மாதம் தனி வட்டில் வைக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக் கண்காணிப்பாளரும் சான்றளித்த பின்னரே நீக்கப்படும். முதலில் ஒரு பிரிவில் மட்டும் ஒரு மாதம் செயல்படுத்தவும், புதிய ஸ்கேன்களில் கறுப்பு எழுத்துப் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையிலேயே பதியவும் ஆணை வேண்டப்படுகிறது.

துறைத் தலைவர் அவர்களின் ஆணைக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது."

இதில் ஸ்கேனரைப் பற்றிய கடைசி வேண்டுகோள் சிறியதாகத் தோன்றினாலும் அதை விட்டுவிட்டால், ஒரு பக்கம் ஸ்கிரிப்ட் சுருக்கிக்கொண்டே இருக்க, மறுபக்கம் ஸ்கேனர் ஒரு எம்.பி. சுற்றறிக்கைகளை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

துறைத் தலைவர் திருப்பிக் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். தமிழக அரசு அலுவலகங்களில் முடிந்த கோப்பு ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டியது என்ற குறியோடுதான் பதிவறைக்குப் போகிறது: ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். காகிதத்துக்கு இருக்கும் இந்த ஒழுங்கு ஸ்கேன் நகலுக்குப் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. காகிதம் அழிக்கப்பட்ட ஓ.மு. கோப்பின் ஸ்கேன் வட்டில் இன்னும் கிடக்கும். "இவற்றில் எத்தனை பக்கத்துக்குக் காலம் முடிந்துவிட்டது?" என்று அவர் கேட்டால், அந்த 300 மாதிரிப் பக்கங்களைப் பிரிக்கும்போதே பக்கத்தின் ஓரத்தில் உள்ள முடிவுக் குறியையும் சேர்த்துக் குறித்துக்கொண்டவருக்கு விடை கையில் இருக்கும். காலம் முடிந்தவற்றைச் சுருக்க வேண்டியதில்லை; உரிய ஆணை பெற்று நீக்கலாம். நி.மு. கோப்புகளில் மூலத்தை ஆறு மாதத்தில் நீக்குவது என்ற வரி பொருந்தாது. அவற்றின் மூலம் காப்பு வட்டிலேயே நிற்கும். சுருக்கியது அன்றாடம் திறந்து பார்க்கும் நகலாக இருக்கும். அந்த ஒரு திருத்தத்தோடு மிச்சக் கணக்கையும் மாற்றி எழுதி, குறிப்பை அனுப்பலாம்.